ஒரு வர்ண வரி, ஒரு ஜதி: லெக்-டெம்மில் என்ன கேட்பது?

“பரதநாட்டிய லெக்-டெம், அதாவது ஆடிக் காட்டி விளக்கும் நிகழ்ச்சி ஒன்றில் ஆடுபவரிடம் கேள்வி கேட்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. முத்திரை, தாளம், கதை மூன்றும் எப்படிச் சேர்கின்றன என்பதுதான் தலைப்பு. எனக்கு ஆடத் தெரியாது. கச்சேரி கேட்பேன், தாளம் போடுவேன். என்ன மாதிரிக் கேள்விகள் கேட்டால் உருப்படியாக ஏதாவது வெளியே வரும்?”

தாளம் போடத் தெரியும் என்கிறீர்களே, அது போதும். விளக்கம் கேட்காதீர்கள், ஆடிக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் பல உருப்படிகளுக்குத் தாவாமல், ஒரு வர்ணத்தின் ஒரே சாகித்திய வரியையும் அதற்கு முன்னால் வெறும் சொற்கட்டுக்கு ஆடும் ஜதியையும் எடுத்துக்கொண்டு, எல்லாக் கேள்விகளையும் அதன் மேலேயே கேளுங்கள். அலாரிப்பிலும் ஜதிசுவரத்திலும் கதை இல்லை. பதத்தில் கதையும் கையும் உண்டு, தாளக் கணக்காக அடவு கட்டி முடிக்கும் தீர்மானம் கிடையாது. வர்ணத்தில்தான் மூன்றும் மாறி மாறியும் வருகின்றன, ஒரே நேரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகவும் வருகின்றன. சபையோரும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், மூன்றாவது தடவையிலேயே அவர்களுக்கு வரி மனப்பாடமாகிவிடும். அதன் பிறகு என்ன மாறுகிறது என்பது அவர்கள் கண்ணுக்கே தெரியும்.

பேச வசதியாக நானே ஒரு வரி கட்டிக்கொள்கிறேன்: “போய்ச் சொல்லடி தோழி, பொழுது சாயுதே.” நாயகி தோழியைத் தூது அனுப்புகிறாள். ஆதி தாளம், ஒரு ஆவர்த்தனம். பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு, தாளத்தின் முதல் தட்டான சமத்தில். எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை, ஆக 32 மாத்திரை. “போய்ச் சொல்லடி தோழி” லகுவின் நான்கு எண்ணிக்கையை எடுத்துக்கொள்கிறது. “பொழுது சாயுதே” அடுத்த தட்டில், அதாவது ஐந்தாம் எண்ணிக்கையில் தொடங்கி இரண்டு துருதத்தையும் நிரப்புகிறது. போய், பொழுது என்று மோனை விழும் இடங்களைப் பாருங்கள். ஒன்று சமம், இன்னொன்று ஆவர்த்தனத்தின் நடுவில் வரும் அருதி. பாட்டைக் கட்டுகிறவர் செய்யும் வேலை இது. தாளத்தின் இரண்டு முக்கியமான தட்டுகளில் காதுக்குப் பிடிபடும் எழுத்தை வைத்துவிட்டால், ஆடுகிறவரின் கையும் காலும் அந்த இரண்டு இடத்திலும் சேர்ந்து நிற்க வாகாக இருக்கும். ஆடப்போகும் வர்ணம் எதுவென்று முன்கூட்டியே கேட்டு வாங்கி, அதன் பல்லவி வரியை இப்படித் தாளத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய தயாரிப்பில் பாதி இதுதான்.

முதல் கேள்வி: “இந்த வரியைக் கால் மட்டும் வைத்து ஒரு தடவை, உட்கார்ந்தபடி கையும் முகமும் மட்டும் வைத்து ஒரு தடவை, பிறகு சேர்த்து ஒரு தடவை ஆட முடியுமா?”

சாகித்தியத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது கால் சும்மா நிற்பதில்லை. பாதத்தைத் தட்டையாக அடிப்பது தட்டு. முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலை அடிப்பது மெட்டு. இந்த இரண்டையும் கலந்து போடும் தட்டுமெட்டு தாளத்தைப் பிடித்துக்கொண்டே போகும். மேலே கை வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போகும். பிரித்துக் காட்டினால்தான் இவை இரண்டு வேறு வேலைகள் என்று சபையோருக்குத் தெரியும். கால் மட்டும் கேட்கும்போது அது வெறும் தகதிமி. கை மட்டும் பார்க்கும்போது, “சாயுதே” என்ற இழுப்பில் கை தாளத்தை மறந்து மெதுவாக இறங்குகிறது. சேர்த்து ஆடும்போது எங்கே இரண்டும் ஒன்றாக விழுகின்றன? சபையோரையும் தாளம் போட வைத்து, கை, கால், பாட்டு மூன்றும் ஒரே நொடியில் விழுந்த இடம் எது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் சமத்தையும் அருதியையும் சொல்வார்கள். நடுவில் கை தனியாகத் திரிந்துவிட்டு வந்தது என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

இதற்குத் துணைக்கேள்வி ஒன்று உண்டு. “கை அப்படியே இருக்கட்டும், காலை மட்டும் திஸ்ரத்துக்கு மாற்றுங்கள்.” இப்போது எண்ணிக்கைக்கு நான்கு அடிக்குப் பதில் மூன்று, ஆவர்த்தனத்துக்கு 32 போய் 24. பாட்டு மாறவில்லை, வார்த்தையும் மாறவில்லை. நன்றாகப் பழகியவரின் கை முன்பு போலவே வழுக்கிக்கொண்டு போகும், காலில் மட்டும் நடை மாறியிருக்கும். கையும் தகிட தகிட என்று வெட்டி வெட்டி வந்தால், அதுவரை அவருடைய கை வார்த்தையைக் கேட்டு நகரவில்லை, காலைக் கேட்டுத்தான் நகர்ந்தது என்று அர்த்தம். இதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுக் கேளுங்கள். மேடையில் திடீரென்று கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

இரண்டாவது கேள்வி முத்திரை பற்றியது. “இந்த முத்திரைக்கு என்ன அர்த்தம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். பதாக முத்திரைக்கு அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் தரும் பட்டியலிலேயே மேகம், காடு, இரவு, ஆறு, காற்று, ‘வேண்டாம்’ என்று விலக்குவது எல்லாம் வருகின்றன. பட்டியலை ஒப்பிப்பது எளிது. அதைவிட, “நான்கு விரலும் நீட்டியபடி, கட்டைவிரல் மடங்கியபடி அப்படியே இருக்கிறது. இது மேகம், இது ஆறு, இது ‘வேண்டாம்’ என்று நான் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறேன்?” என்று கேளுங்கள். அவர் செய்துகாட்டுவார். கை எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, கண் எங்கே போகிறது, கழுத்து எப்படிச் சாய்கிறது, இவைதான் விடை. கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். மேகமும் ஆறும் பாதி அடையாளம் இழந்துவிடும்.

இங்கே இன்னும் ஆழமாகப் போகலாம். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும், கண் போகும் இடத்துக்கு மனம் போக வேண்டும் என்ற சுலோகத்தை எல்லா மாணவர்களும் பாடம் பண்ணியிருப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது: “வேண்டுமென்றே கண்ணைக் கையோடு அனுப்பாத இடம் இந்த வரியில் எங்கே?” நம் வரியில் ஒரு இடம் இருக்கிறது. “தோழி” என்பதற்குக் கீலகம் பிடிக்கலாம், இரண்டு சுண்டுவிரல்களும் கொக்கி போட்டுக்கொள்ளும், நட்பைக் காட்டும் கை. “போய்ச் சொல்லடி” என்று கை தோழி பக்கம் நீள்கிறது, ஆனால் கண் தோழியைப் பார்க்காமல் அவள் தோளுக்குப் பின்னால் இருக்கும் பாதையைப் பார்க்கிறது. கை சொல்வது பாட்டின் வார்த்தை. கண் சொல்வது நாயகியின் நினைப்பு. தோழி கிளம்புவதற்கு முன்பே இவள் மனம் அங்கே போய்விட்டது. அதே வரியைக் கண் கையோடு போகும்படி ஒரு தடவை, கண் பாதைக்குப் போகும்படி ஒரு தடவை ஆடச் சொன்னால், முதலாவது ஒரு கட்டளையாகவும் இரண்டாவது ஒரு தவிப்பாகவும் தெரியும். முத்திரை ஒன்றுகூட மாறியிருக்காது. கதை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஏனென்றால் தாளக் கணக்கும் கதையும் வேறு வேறு என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்வி இது: “ஜதி முடிந்து முதல் வார்த்தை விழும் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். அங்கே யார் நிற்கிறார்? கணக்கு ஆடியவரா, நாயகியா?”

முதலில் கணக்கைச் சபையோருக்குக் காட்ட வேண்டும். நட்டுவனார் ஜதி சொல்லி முடிக்கும்போது “ததிங்கிணதொம்” மூன்று தடவை வரும். அதை மாத்திரைக்கு ஒரு சொல்லாகச் சொன்னால் த, திங், கி, ண, தொம் என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மாத்திரை இடைவெளி, அதாவது கார்வை விட்டால் 5, 2, 5, 2, 5, மொத்தம் 19. எடுப்பு சமத்தில் என்பதால் கடைசி “தொம்” ஆவர்த்தனத்தின் 32ஆம் மாத்திரையில் முடிந்தாக வேண்டும். அப்படியானால் முதல் “த” 14ஆம் மாத்திரையில் தொடங்க வேண்டும், அதாவது நாலாம் எண்ணிக்கையில், நடுவிரலை வைத்த பிறகு வரும் அடுத்த மாத்திரையில். இதை நீங்கள் கையில் தாளம் போட்டுக்கொண்டே வாயால் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பிறகு மேடையில் நட்டுவனாரைச் சொல்லச் சொல்லி, சபையோரைத் தாளம் போட வையுங்கள். கடைசி “தொம்” முடிந்ததும் இடைவெளியே இல்லாமல் “போய்” என்று சமத்தில் பாட்டு விழும்.

இப்போது ஆடுகிறவரின் நிலைமையை யோசியுங்கள். “தொம்” மாத்திரையில் அரைமண்டியில், கை நீட்டி, உடம்பு முழுக்க இறுக்கமாக நிற்கிறார். அடுத்த மாத்திரையில் அவர் நாயகி. தோழியிடம் பேச வேண்டும். மூச்சு விடக்கூட இடமில்லை. “போய்” என்ற சொல்லுக்கு முகம் வந்து சேர்வதற்குள் பாட்டு “சொல்லடி”க்குப் போய்விடும். இது ஆடுகிறவரின் குறையல்ல, கணக்கு அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் இதற்கு வழி வைத்திருப்பார்கள். கடைசி “ததிங்கிணதொம்”மில் உடம்பைத் தோழி நிற்கும் பக்கமே திருப்பி முடிப்பார்கள். அல்லது முதல் தடவை வரியைப் பாடகர் பாட விட்டு, தட்டுமெட்டில் மட்டும் நின்று, திரும்பப் பாடும்போது கையைத் தொடங்குவார்கள். எது அவர் வழி என்று கேளுங்கள்.

அப்புறம் அதே ஜதியை எடுப்பு தள்ளி வரும் பாட்டுக்கு எப்படி மாற்றுவார்கள் என்று நட்டுவனாரிடம் கேளுங்கள். நம் வரி சமத்துக்கு அரை எண்ணிக்கை தள்ளி, அதாவது இரண்டு மாத்திரை கழித்துத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தொடங்கும் இடத்தை மாற்றவே வேண்டாம். கார்வை இரண்டையும் மூன்று மூன்றாக நீட்டினால் போதும். 5, 3, 5, 3, 5, மொத்தம் 21. அதே 14ஆம் மாத்திரையில் தொடங்கி, சமத்தைத் தாண்டி அடுத்த ஆவர்த்தனத்தின் இரண்டாம் மாத்திரையில் “தொம்” விழும், மூன்றாவதில் “போய்”. சமத்தில் எல்லாரும் தட்டும்போது ஜதி இன்னும் முடியாமல் இருப்பது சபையோருக்கு ஒரு திடுக்கிடலைத் தரும்.

இன்னொரு வழி, எடுப்பு தள்ளி இருந்தும் ஜதியை 32ஆம் மாத்திரையிலேயே முடித்துவிடுவது. அப்போது சமத்தில் இரண்டு மாத்திரை வெறுமையாக இருக்கும். அந்த இரண்டு மாத்திரைதான் கதைக்குக் கிடைத்த இடம். சமத்தில் கால் நிற்கிறது, கண் தோழியைத் தேடித் திரும்புகிறது, பிறகு “போய்” என்று சொல் வருகிறது. வார்த்தைக்கு முன்பே நாயகி வந்துவிட்டாள். என் அபிப்பிராயத்தில் எடுப்பு தள்ளி வரும் வர்ணங்கள் அபிநயத்துக்குச் சுகமாக இருப்பதற்கு இந்த வெற்றிடம் ஒரு முக்கியக் காரணம். இந்த இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து ஆடிக் காட்டச் சொல்லி, எதில் நாயகியை முன்னதாகப் பார்த்தீர்கள் என்று சபையோரைக் கேளுங்கள்.

இந்த இடத்தில் கோளாறு எப்படித் தெரியும்? தீர்மானம் நெருங்கும்போது ஆடுகிறவரின் பார்வை எதையும் பார்க்காமல் வெறித்து நிற்கும், உதடு லேசாக எண்ணும். கணக்கு இன்னும் உடம்பில் இறங்கவில்லை, தலையில் ஓடுகிறது என்று அர்த்தம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நாயகியின் சோகத்தை ஜதிக்குள்ளேயே கொண்டுவந்து, முகத்தைச் சுருக்கிக்கொண்டு அடவு போடுவது. ஜதியில் அர்த்தமுள்ள சொல் இல்லை, சோகத்துக்கு அங்கே பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஜதியில் முகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஆசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. தெளிவான, மலர்ந்த முகம் போதும் என்பவர்களும் உண்டு, பாத்திரத்தின் சாயல் கொஞ்சம் தங்கட்டும் என்பவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. அவர் எந்தக் கட்சி, ஏன் என்று கேட்டால் நல்ல பேச்சு வரும்.

நான்காவது கேள்வி சஞ்சாரி பற்றி. “பொழுது சாயுதே” என்பதைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாட, ஆடுகிறவர் அதை விரித்துக்கொண்டே போவார். முதலில் நேரடியாக: அலபத்மம், மலர்ந்த தாமரை, மெதுவாக இறங்கி முகுளமாக, மொட்டாகக் கூம்புகிறது. அடுத்த தடவை, கூட்டுக்குத் திரும்பும் பறவைகள். அதற்கடுத்து, விளக்கேற்றி வாசலில் வைத்துவிட்டு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கிறாள். இதெல்லாம் பாட்டில் இல்லாத கதை. நீங்கள் கேட்க வேண்டியது: “விரித்தது போதும், திரும்பலாம் என்று எப்போது முடிவு செய்கிறீர்கள்? அது பாடகருக்கு எப்படித் தெரிகிறது?”

இந்தக் கேள்வியில் பாடகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான சமிக்ஞை, ஆடுகிறவர் மறுபடி வரியின் நேரடிக் கைகளுக்கு வருவது. நம் வரியில் முகுளம் திரும்ப வந்தால் ‘முடிக்கிறேன்’ என்று பொருள். அது தெரிந்ததும் பாடகர் இன்னொரு முறை மட்டும் பாடி அடுத்த வரிக்குப் போவார், அல்லது நட்டுவனார் ஜதிக்குத் தயாராவார். சமிக்ஞை தவறினால் விளைவு உடனே தெரியும்: விளக்கு இன்னும் கையில் இருக்கும்போதே ஜதி தொடங்கிவிடும். “அதே வரியை இன்று வேறு சஞ்சாரியோடு, எத்தனை தடவை பாடுவது என்று பேசி வைத்துக்கொள்ளாமல் ஆட முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். மேடையில் ஒருவரை ஒருவர் கவனிப்பதைச் சபையோர் நேரில் பார்ப்பார்கள்.

பாடகரிடம் தனியாக ஒன்று: “பறவைக்கும் விளக்குக்கும் ஒரே சங்கதிதானா?” நல்ல பாடகர் மாற்றிப் பாடுவார். பறவை திரும்பும்போது மேலிருந்து இறங்கும் சங்கதி, எட்டிப் பார்க்கும்போது ‘சாயுதே’யை ஒரே சுரத்தில் நிறுத்திவைப்பது. மிருதங்கக்காரரிடம்: “இங்கே நீங்கள் ஏன் அடக்கி வாசிக்கிறீர்கள்?” சஞ்சாரியில் பெரும்பாலும் சர்வலகுவாக நடையை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார். அதே இடத்தில் ஒரு தடவை ஜதிக்கு வாசிப்பது போலச் சொல்லடர்த்தியாக வாசிக்கச் சொல்லுங்கள். எல்லார் கண்ணும் முகத்திலிருந்து காலுக்குப் போய்விடும். சலங்கைக்கும் இதே சோதனையைச் செய்யலாம். தட்டுமெட்டைப் பலமாக அடித்தால் “சொல்லடி”யின் மெய்யெழுத்துகள் சலங்கைச் சத்தத்தில் அமுங்கிவிடும். வரி புரியாமல் போனால் கை வெறும் அசைவாகிவிடும்.

நிகழ்ச்சி வேறு ஆட்டமாக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். கதகளியில் நடிகர் பேசமாட்டார், பின்னால் இரண்டு பாடகர்கள் வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். அங்கே ஜதியின் இடத்தில் கலாசம் வரும், ஆகவே மூன்றாவது கேள்வியைக் கலாசத்தை வைத்துக் கேளுங்கள். கதக்கில் ஒரே சொற்கட்டு மூன்று தடவை வந்து சமத்தில் விழும் திஹாயியை வைத்துக் கேட்கலாம்.

ஒரு நடைமுறை விஷயம். நேரடி இசைக்குழு இருக்கிறதா, பதிவு செய்த பாட்டா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். பதிவாக இருந்தால் நான்காவது கேள்வியும் எடுப்பை மாற்றும் பகுதியும் நடக்காது, ஏனென்றால் பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. அப்போது முதல் இரண்டு கேள்விகளை விரித்துக்கொள்ளுங்கள். வரியைப் பாட ஒருவரும் தட்டுக்கழி பிடிக்க ஒருவரும் கிடைத்தாலே மூன்றாவதையும் செய்துவிடலாம். வரிசையையும் மாற்றாதீர்கள். சபையோர் கையில் தாளம் உட்காருவதற்கு முன் ஜதிக் கணக்கைத் தொட்டால் பாதிப்பேர் கழன்றுகொள்வார்கள். முழு ஒப்பனை வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். சாதாரணப் பயிற்சிப் புடவையில் முழங்காலும் பாதமும் தெளிவாகத் தெரியும், தட்டும் மெட்டும் பின்வரிசைக்கும் பிரிந்து தெரியும்.